63 ஸ்கிரீன்ஷாட்டும் ஆறு வரியும்

எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை கைப்பேசியோடு வந்து நின்றார். டெலிகிராமில் கிடைத்த பகுதிநேர வேலை. ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டால் கமிஷன் என்றார்களாம். "எட்டாயிரம் வெள்ளி போச்சு தம்பி. எல்லாம் போன்லயே இருக்கு, போலீஸ்ல காட்டினா போதும்தானே?"

போனில் 63 ஸ்கிரீன்ஷாட்டுகள் இருந்தன, பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் கலந்து.

கடைசியாகப் பணம் அனுப்பியது முதல்நாள் மாலை. அதனால் எதையும் அடுக்க உட்காரவில்லை. முதலில் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழைத்தோம். எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, எப்போது என்பதைச் சொல்ல ரசீதுகள் கையில் இருந்தால் போதும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்கப் பார்ப்பதுதான் அந்த அழைப்பின் நோக்கம். அடுக்கும் வேலை அதற்குப் பிறகு, போலீஸ் நிலையத்துக்குப் போகும் முன்.

உரையாடலிலிருந்து தொடங்காமல் பணத்திலிருந்து தொடங்கினோம். ஒரு தாளில், ஒரு பரிமாற்றத்துக்கு ஒரு வரி. வியாழன் காலை 11.08க்கு 100 ரிங்கிட், மாலை 3.42க்கு 500. வெள்ளி காலை 10.20க்கு 1,800, பகல் 12.05க்கு 3,000, மாலை 4.31க்கு 2,400. கூட்டினால் 7,800தான். "எட்டாயிரம்" என்று புகாரில் எழுதியிருந்தால், வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகாமல் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ஆறாவது வரியை அக்கா மறந்தே போயிருந்தார். முதல் நாள் நம்பிக்கை வர அவர்கள் அனுப்பிய 130 ரிங்கிட். "அது எனக்கு வந்த காசாச்சே" என்றார். வந்த காசும் ஒரு கணக்கிலிருந்துதானே வந்திருக்கும்! அதுவும் பின்தொடர வேண்டிய கணக்கு. மறைத்ததுபோல் ஆகிவிடவும் கூடாது.

ஒவ்வொரு வரியிலும் பெறுநரின் வங்கி, முழுக் கணக்கு எண், ரசீதில் உள்ளபடியே பெயர், பரிவர்த்தனை எண். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரசீதில் Recipient Reference என்று ஒன்று இருக்கும். அது நாமே தட்டச்சு செய்தது. அக்கா "task 3" என்று போட்டிருந்தார். அதை வைத்துப் பணத்தைத் தேட முடியாது. வேண்டியது, வங்கி தானாகக் கொடுக்கும் நீளமான Reference எண். அதைக் கையால் பார்த்து எழுதுவதைவிட, வங்கிச் செயலியிலிருந்து ரசீதைப் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்வது நல்லது.

அதன்பிறகுதான் ஸ்கிரீன்ஷாட்டுகள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முன்னால் "இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று வந்த செய்தி எது? அதற்கு அந்த வரியின் எண். 63இல் பாதிக்குமேல் எந்த வரியோடும் சேரவில்லை. அவற்றை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டோம். சேர்ந்தவற்றிலும் ஒரு குறை: சிலவற்றில் தேதிக்குப் பதில் "இன்று" என்றுதான் இருந்தது. எதிராளியின் எண்ணை "மேனேஜர்" என்று சேமித்து வைத்திருந்ததால் எண்ணே தெரியவில்லை. உரையாடலுக்குத் திரும்பிப்போய், தேதி தெரியும்படி ஒன்றும், அவரது விவரப் பக்கத்தில் எண்ணும் பயனர் பெயரும் தெரியும்படி ஒன்றும் மறுபடி எடுத்தோம்.

டெலிகிராமில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எதிராளி நினைத்தால் மொத்த உரையாடலையும் நம் போனிலிருந்தும் அழித்துவிடலாம். பயனர் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். கோபத்தில் "பிளாக்" அழுத்துபவர்களும் கவனிக்க வேண்டும்: சில சமயம் அதோடு உரையாடலை நீக்கும் கட்டமும் சேர்ந்தே வரும். கணினியில் டெலிகிராம் இருந்தால் Export chat history வழியாக முழு உரையாடலையும் சேமிக்கலாம். எடுத்த படங்களில் சிவப்பு வட்டம் போடுவதும் ஓரங்களை வெட்டுவதும் வேண்டாம். குறித்தே ஆகவேண்டும் என்றால் நகலில் செய்யுங்கள்.

அழைப்புப் பதிவு இரண்டு இடத்தில் இருந்தது. சாதாரண அழைப்பு போனில், மற்றவை வாட்ஸ்அப்பின் அழைப்புப் பட்டியலில். வெள்ளி பகல் 11.50க்கு ஓர் அழைப்பு. பதினைந்து நிமிடத்தில் 3,000 போயிருக்கிறது. அதை நான்காவது வரிக்குப் பக்கத்தில் எழுதியதும், என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பது அக்காவுக்கே நினைவுக்கு வந்தது.

தாளில் இரண்டு பிரதி எடுத்தோம். எதையும் அழிக்காமல் போனையும் கொண்டுபோனோம். புகாரைத் தட்டச்சு செய்தபின் அதிகாரி படித்துப் பார்க்கச் சொன்னார். தாளை வைத்துக் கணக்கு எண்களை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டோம். மூன்றாவது கணக்கில் 6க்குப் பதில் 9 விழுந்திருந்தது. திருத்திய பிறகே அக்கா கையெழுத்துப் போட்டார்.