சோறு இறங்குகிறது, எச்சில் இறங்கவில்லை

தொண்டைக்குழியில் உருண்டையாக ஏதோ அடைத்திருக்கிறது. விழுங்கினாலும் இறங்கவில்லை, செருமினாலும் வெளியே வரவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. குழாய் விட்டுப் பார்த்தால் கட்டியோ புண்ணோ இருப்பதில்லை. “ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கட்டி இல்லை என்பது உண்மை. ஆனால், இறுக்கமும் உண்மை.

நீண்ட காலம் இதை ஹிஸ்டீரியாவின் அடையாளமாகவே மருத்துவ உலகம் பார்த்தது. இப்படி வருபவர்கள் பலரிடம் அத்தகைய மனநிலை இல்லை என்று மால்கம்சன் என்ற மருத்துவர் 1968-இல் எழுதிய பிறகுதான் அந்த முத்திரை மெல்ல விலகியது.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடி. வீட்டில் மகளுக்குப் பொதுத்தேர்வு. மாலை நான்கு மணிக்குத் தொண்டை இறுக ஆரம்பிக்கிறது. அவர் எச்சிலை விழுங்கிப் பார்க்கிறார். மறுபடியும் விழுங்குகிறார். ஒவ்வொரு முறையும் அடைப்பு கூடுகிறது. இரவு சாப்பிட உட்கார்ந்தால் சாதமும் ரசமும் தடையில்லாமல் இறங்குகின்றன. சாப்பிட்டு முடிக்கும்வரை அடைப்பையே காணோம். கை கழுவிய சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

நோயைப் பிரித்தறிய இந்தச் சாப்பாட்டு நேரம்தான் நல்ல வழிகாட்டி. உணவுக்குழாயை அடைக்கும் கட்டி முதலில் தடுப்பது கெட்டியான உணவைத்தான்: இட்லி நிற்கும், தண்ணீர் போகும்; வாரங்கள் செல்லச் செல்ல கஞ்சியும் நிற்கும். பதற்றத்தில் வரும் அடைப்பு நேர்மாறானது. உணவை விட்டுவிடும், வெறும் எச்சிலில் வந்து நிற்கும். வலிக்காது. பெரும்பாலும் தொண்டையின் நடுவில் இருக்கும். ஒரே பக்கமாகக் குத்தாது.

உணவுக்குழாயின் வாசலில் வளையம்போல ஒரு தசை உண்டு. விழுங்கும் கணத்தில் மட்டும் திறந்து, மற்ற நேரம் மூடியிருப்பது அதன் வேலை. மனம் நெருக்கடியில் இருக்கும்போது அது கூடுதலாக இறுகலாம். வாயும் உலர்கிறது. விழுங்க எச்சிலே இல்லாமல் திரும்பத் திரும்ப விழுங்கும்போது தொண்டை உறுத்துகிறது. அந்த உறுத்தலைப் புற்றுநோயோ என்று எண்ணிப் பயந்தால் தசை மேலும் இறுகுகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மேலேறும் அமிலமும் இதைத் தூண்டலாம். அவர்களுக்கு அதற்கான சிகிச்சை தேவை.

இந்தப் பெண் முதலில் நிறுத்த வேண்டியது வெறும் எச்சில் விழுங்குவதையும் செருமுவதையும். விழுங்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும். அடுத்தது மூச்சு. “நல்லா ஆழமா மூச்சு விடுங்க” என்ற வழக்கமான அறிவுரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதற்றத்தில் உள்ளவர் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாகவே மூச்சு விடுகிறார். இன்னும் பெரிதாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை லேசாகும், விரல் நுனி மரத்துப்போகும், நெஞ்சும் இறுகும். எனவே, மூச்சைப் பெரிதாக்க வேண்டாம், மெதுவாக்க வேண்டும்.

தோள்களைத் தளர்த்தி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் உட்கார வேண்டும். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கட்டும். நான்கு எண்ணும்வரை மூக்கால் மென்மையாக இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். இடையில் அடக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கு வரும். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. வெளிமூச்சை நீட்டுவதன் காரணம் அதுதான். ஆறு எண்ணுவது சிரமமென்றால் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கலாம், பிராமரியில் செய்வதுபோல. வெளிமூச்சு தானாக நீளும். தலை சுற்றினால் அதிகமாக இழுக்கிறோம் என்று பொருள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். அடைப்பு வந்த பிறகு மட்டும் செய்வதைவிட, தினமும் அமைதியான வேளையில் பழகியிருந்தால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும். முதல் நாளே உருண்டை மறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. போய்விட்டதா என்று சோதித்துப் பார்ப்பதே அதைத் திரும்பக் கொண்டுவரும்.

இந்தப் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். உணவு சிக்குவது, விழுங்கினால் வலிப்பது, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு, எச்சிலில் ரத்தம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் தொண்டையைப் பரிசோதித்தாக வேண்டும். புகைப்பவர்களும் புகையிலை போடுபவர்களும் அறிகுறி லேசாக இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. மாடிப்படி ஏறும்போது தொண்டை இறுகி, நின்றால் விலகுகிறதென்றால் அது இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். தாமதிக்காமல் இசிஜி எடுக்க வேண்டும். ஏதோ சாப்பிட்ட பிறகோ ஊசி போட்ட பிறகோ உதடு வீங்கி, உடம்பு தடித்து, தொண்டை அடைத்தால் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.