பிரசவத்தோட பிபி போயிடுச்சா?

என் மனைவிக்கு 30 வயதில் சென்னையில் பிரசவம். எட்டாவது மாதம் பிபி 160/110-க்கு ஏறியது, சிறுநீரில் புரதமும் போனது. குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் பிபி 120/80-க்கு இறங்கிடுச்சு, மாத்திரையை நிறுத்தினார்கள். நாங்களும் மறந்துட்டோம். அப்புறம் லண்டன் வந்து ஜிபியிடம் பதிவு செய்தபோது இதைச் சொல்லவே தோணல. சென்னை ஃபைல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

போன வருஷம் அப்பாவுக்காக வாங்கிய மெஷினில் அவளும் சும்மா பார்த்தாள்: 148/94. ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்தோம், இறங்கவில்லை. வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினாலே உயர் ரத்த அழுத்தம்தான். அவளுக்கு வயது 36. தலைவலிகூட இல்லை.

கர்ப்பத்தில் இப்படி பிபியும் புரதமும் சேர்ந்து வருவதுதான் ப்ரீஎக்லாம்ப்சியா. அது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்ற தாய்மார்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரசவத்துக்குப் பின் பிபி இறங்கினாலும், ரத்தக்குழாயின் உட்சுவரில் ஏற்பட்ட பாதிப்பு முழுசா ஆறாமல் இருக்கலாம்.

இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் பொதுப் பரிசோதனைக்கு அழைப்பு 40 வயதுக்கு மேல்தான் வரும். 30-ல் பிள்ளை பெற்றவர் அதுவரை காத்திருந்தால் பத்து வருஷம் போயிடும். வருஷத்துக்கு ஒருமுறையாவது பிபி பாருங்க. சர்க்கரை, கொழுப்பு எப்போ பார்க்கணும்னு ஜிபியிடம் கேளுங்க. முதலில், "கர்ப்பத்தில் எனக்கு பிபி இருந்தது" என்பதை உங்க பதிவில் ஏற்றச் சொல்லுங்க. ஊரில் நடந்த பிரசவம் இங்குள்ள கணினிக்குத் தெரியாது.