'எப்போங்க தோதா இருக்கும்?' - புக்கிங் லிங்க்கை யாருக்கு அனுப்பலாம், யாருக்கு அனுப்பக் கூடாது?

கோயம்புத்தூர் பக்கம் ஒருத்தரிடம் பேச நேரம் கேட்கணும்னா, 'எப்போங்க உங்களுக்குத் தோதா இருக்கும்?' என்றுதான் ஆரம்பிப்போம். அவங்க நேரத்துக்கு நாம வர்றோம் என்கிற மரியாதை அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கு. அந்தக் கேள்வி இருந்த இடத்தில் இப்போ ஒரு லிங்க் வந்துடுச்சு. 'இதில் ஒரு ஸ்லாட் புக் பண்ணிக்கோங்க' என்று காலண்ட்லி, கூகுள் காலண்டர், ஸோஹோ புக்கிங்ஸ் என ஏதோ ஒன்றிலிருந்து அனுப்புகிறோம். சிலர் அடுத்த நிமிஷமே புக் பண்ணிடுறாங்க. சிலர் 'பார்க்கிறேன்' என்று சொன்னதோடு சரி. ஏன்?

இந்தச் சண்டை நம்ம ஊரில் மட்டும் நடக்கவில்லை. 2022 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் முன்னாள் துணைத் தலைவரும் முதலீட்டாளருமான சாம் லெஸ்ஸின், இப்படி லிங்க் அனுப்புவது யார் பெரியவர், யார் சின்னவர் என்பதை அப்பட்டமாகக் காட்டும் செயல் என்கிற அர்த்தத்தில் ட்வீட் போட, சமூக வலைதளமே இரண்டாகப் பிரிந்தது. 'பத்து மெயில் போய் வருவதைவிட ஒரு லிங்க் எவ்வளவோ மேல்' என்றது ஒரு பக்கம். 'உன்னைப் பார்க்க நான் டோக்கன் எடுக்கணுமா?' என்றது இன்னொரு பக்கம்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒரு நேரத்தை முடிவு பண்ணுவதில் ஒரு வேலை இருக்கு. காலண்டரைத் திறக்கணும், மற்ற வேலைகளோடு ஒப்பிடணும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். லிங்க் அந்த வேலையை இல்லாமல் ஆக்குவதில்லை. உங்களிடமிருந்து அவருக்கு மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் லிங்க் அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த கால் யாருக்குத் தேவை?

ஓர் உதாரணம் எடுத்துக்குவோம். நீங்க பீளமேட்டில், பம்ப் ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கறீங்க. இந்த வாரம் மூன்று பேரிடம் பேசணும். நியூயார்க்கில் விலை கேட்டு மெயில் போட்ட ஒரு வாடிக்கையாளர், பெங்களூரில் இருக்கும் உங்க காலேஜ் சீனியர், கணபதியில் ஃபவுண்டரி வைத்திருக்கும் அறுபது வயசுக்காரர் ஒருவர்.

நியூயார்க்காரருக்கு யோசிக்காமல் லிங்க் அனுப்பலாம். தேவை அவருடையது. தவிர, நம்ம மாலை 7 மணி அவருக்கு எத்தனை மணி என்ற கணக்கையும் லிங்க்கே பார்த்துக்கும். திறப்பவரின் ஊர் நேரத்தில் ஸ்லாட்களைக் காட்டும்.

ஆனா, இங்கேதான் ஒரு சிக்கல். மாலை 6.30 முதல் 9 வரை நீங்க ஸ்லாட் திறந்து வெச்சிருக்கீங்க. கோடையில் அது நியூயார்க்கில் காலை 9 முதல் 11.30. ஆபீஸ் நேரம், அருமை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவாங்க. நம்ம கடிகாரம் மாறாது. அன்று முதல் அதே ஸ்லாட்கள் அவருக்குக் காலை 8 முதல் 10.30 என்று தெரியும். ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் யார் புக் பண்ணுவாங்க? நவம்பரில் புக்கிங் திடீரென்று குறைந்தால் முதலில் இதைத்தான் பார்க்கணும். ஸ்லாட்களை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்க. மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி பழையபடி மாற்றிக்கலாம்.

இன்னொரு பொறி இருக்கு. கூகுள் காலண்டரில் 'அத்தை பொண்ணு கல்யாணம்' என்று நாள் முழுக்க ஒரு நிகழ்வு போட்டு வெச்சிருப்பீங்க. முழுநாள் நிகழ்வு வழக்கமாக Free என்றுதான் பதிவாகும். அதை Busy என்று மாற்றாவிட்டால், லிங்க் அன்றைக்கும் உங்களை ஃப்ரீ என்றே காட்டும். நீங்க பந்தியில் உட்காரும்போது வாடிக்கையாளர் வீடியோ காலில் காத்திருப்பார். கூடவே, இரண்டு கால்களுக்கு நடுவே 15 நிமிஷ இடைவெளியும், குறைந்தது 12 மணி நேரம் முன்னாடியே புக் பண்ணணும் என்ற கட்டுப்பாடும் வையுங்க. இரண்டுக்கும் செட்டிங்ஸில் இடம் இருக்கு.

அடுத்து, பெங்களூர் சீனியர். வேலை மாறுவது பற்றி அவரிடம் யோசனை கேட்கணும். தேவை உங்களுடையது. 'ஹாய் அண்ணா, இதில் புக் பண்ணுங்க' என்று வெறும் லிங்க்கை அனுப்பினால், உதவி செய்பவருக்கே வேலை வைத்த மாதிரி ஆயிடும். அதற்காக லிங்க்கே கூடாது என்றில்லை. அதை இரண்டாவது வழியாக வையுங்க. இப்படி:

'அண்ணா, வேலை மாறுற விஷயமா உங்ககிட்ட 20 நிமிஷம் பேசணும். புதன் ராத்திரி 8 மணி, இல்லைன்னா சனி காலை 11 மணி சரிவருமா? ரெண்டும் ஆகாதுன்னா உங்க நேரத்தைச் சொல்லுங்க, நான் வந்துடறேன். லிங்க் ஈஸின்னா இதோ.'

இதில் எதற்காக, எவ்வளவு நேரம், எப்போது என்று எல்லாமே இருக்கு. 'புதன் ஓகே' என்று இரண்டே வார்த்தையில் அவர் முடிச்சுடலாம். லிங்க் பழக்கமுள்ளவராக இருந்தால் அதைத் தட்டலாம். தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதியை நீங்களே செஞ்சுட்டீங்க.

மூணாவது, கணபதி ஃபவுண்டரிக்காரர். இவருக்கு லிங்க் வேண்டாம். அவருக்கு போன் பார்க்கத் தெரியாது என்பதால் இல்லை. வாட்ஸ்அப்பில் நம்மைவிட வேகமாக இருப்பார். காரணம் வேறு. நம்ம பக்கம் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிப் பாருங்க. 'நேர்ல வந்து கூப்பிடலையே' என்கிற பேச்சு பத்து வருஷம் ஓடும். பத்திரிகையில் இருக்கும் தகவல் இரண்டிலும் ஒன்றுதான். வெற்றிலைப் பாக்கோடு வீட்டுப்படி ஏறினோம் என்பதுதான் அழைப்பு. இவரிடம் நேரம் கேட்கும் அந்த ஒரு நிமிஷ போன் காலும் அப்படித்தான். 'வணக்கமுங்க, காஸ்டிங் ரேட் விஷயமா பேசோணும், எப்போங்க தோதா இருக்கும்?' என்று கேட்டால், பாதி நேரம் அப்பவே பேச ஆரம்பிச்சுடுவார். லிங்க்கே தேவைப்படாது.

லிங்க்குக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கு. வெள்ளிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரை ராகு காலம். நீங்க நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். புது ஆர்டர் பேச அந்த நேரத்தை அவர் ஒத்துக்காமல் போக வாய்ப்பிருக்கு. வாயால் கேட்டால் 'பன்னெண்டுக்கு மேல கூப்பிடுங்க' என்பார். லிங்க்கில் அதைச் சொல்ல இடமில்லை. அதனால் எதையும் புக் பண்ணாமல் மூடிவிடுவார்.

இந்த மௌனம்தான் நீங்க கவனிக்க வேண்டிய அறிகுறி. லிங்க் அனுப்பி இரண்டு வேலை நாள் ஆகியும் புக் ஆகலை என்றால், அதே லிங்க்கை 'ரிமைண்டர்' என்று மறுபடி அனுப்பாதீங்க. கோவிச்சுக்கிட்டவருக்கு அது இரண்டாவது அடி. மறந்தவருக்கு அது இன்னொரு வேலை. ஒரு போன் பண்ணுங்க, இல்லையென்றால் நேரத்தைச் சொல்லி ஒரு வரி டைப் பண்ணுங்க. அதே மாதிரி, துக்கம் விசாரிக்க, மன்னிப்பு கேட்க, பாக்கிப் பணம் பற்றிப் பேச எப்பவுமே லிங்க் வேண்டாம். அங்கே நேரம் கேட்பதே பேச்சின் முதல் பாதி.

உங்களுக்கு யாராவது வெறும் லிங்க் அனுப்பினால்? சட்டென்று கோபப்பட வேண்டாம். ஒரே நாளில் இருபது பேருக்கு அதையே அனுப்பியிருப்பார். 'வியாழன் 4 மணிக்கு எனக்குத் தோதுங்க, உங்களுக்கு?' என்று பதில் போடுங்க. பெரும்பாலும் 'சரிங்க' என்றே வரும்.