கன்னத்துல ஒரு சிராய்ப்பு, கூடவே கொஞ்சம் ஃபோட்டோ எடிட்டிங்

போன மாசம் ஒரு ராத்திரி அக்கா மதுரைலேர்ந்து போன் பண்ணினா. "டேய், பாப்பா ஸ்கூல் போட்டோ வந்துருச்சு. கன்னத்துல இருக்குற காயத்தை மட்டும் எடுத்துக் குடுத்துடு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை"ன்னு. கம்ப்யூட்டர் இஞ்சினியர்னா பிரிண்டர் ரிப்பேர், ரயில் டிக்கெட், போட்டோல பரு எடுக்குறது எல்லாம் பாடத்திட்டத்துல உண்டுன்னு எங்க வீட்டுல ஒரு நம்பிக்கை. அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தால ரெண்டு நாள் சண்டை வந்துச்சு, அதனாலதான் இந்தப் பதிவு.

பாப்பாவுக்கு ஆறு வயசு, ஒண்ணாங்கிளாஸ். சைக்கிள்ல பின்னாடி இருக்குற ரெண்டு குட்டிச் சக்கரத்தையும் கழட்டின மறுநாள் தெருமுனை வரைக்கும் தனியா ஓட்டிட்டு, திரும்பத் தெரியாம மதில்சுவத்துல போய் உரசிட்டா. வலது கன்னத்துல ஒரு சென்டிமீட்டருக்குச் சிராய்ப்பு, சுத்தி சிவப்பு. மூணு நாள் கழிச்சு ஸ்கூல்ல போட்டோ. அதுக்குள்ள பொறுக்கு கட்டி நல்லா கறுத்துப் போச்சு.

அன்னைக்கு காலைல அக்கா அது மேல பவுடரை அப்பி அனுப்பியிருக்கா. இது தயவுசெஞ்சு வேணாங்க. காஞ்ச பொறுக்கோட ஓரத்துல பவுடர் ஒட்டிக்கிட்டு வெள்ளையா ஒரு வளையம் தெரியும். வெறும் காயத்தை விட அதுதான் பளிச்சுனு கண்ணுல படும். அரிப்புக்குப் போடுற கலமைன் லோஷனும் அப்படித்தான், காஞ்சா வெள்ளைப் படலமா நிக்கும். வாசலின் தடவினா ஃபிளாஷ் பட்டு மினுங்கும். காயம் ஆறாம ஈரமா இருந்தா அது மேல எந்த மேக்கப்பும் போடவே கூடாது. போட்டோ எடுக்கிறவர்கிட்ட "வலது கன்னம் கொஞ்சம் அந்தப் பக்கம் இருக்கட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். முகத்தை லேசா திருப்பி வெச்சு எடுத்தா பாதிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சுடும்.

ரெண்டு போட்டோ. ஒண்ணு வகுப்பு குரூப் போட்டோ, இன்னொண்ணு தனியா எடுத்தது. குரூப் போட்டோல கைவைக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்க. 12 இன்ச் அகலப் பிரிண்ட், ஒரு வரிசைக்கு 12 பசங்க. ஒரு புள்ளைக்கு ஒரு இன்ச், அதுல முகம் அரை இன்ச். நிஜத்துல இவ முகம் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம்னா, ஒரு சென்டிமீட்டர் காயம் பிரிண்ட்ல ஒரு மில்லிமீட்டர்தான் வரும். அம்மா கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். (அம்மா கண்ணுக்கு எல்லாமே தெரியும், அது வேற விஷயம் :-)) தனிப் போட்டோல முகமே நாலு சென்டிமீட்டருக்கு வருது, காயம் மூணு மில்லிமீட்டருக்கு மேல. அது தெரியும்தான்.

வாட்ஸப்ல சும்மா அனுப்பினா படத்தைச் சுருக்கி அனுப்பிடும், தோலோட நயமெல்லாம் போயிடும். அதனால டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லி வாங்கி, GIMP-ல திறந்தேன். காசு குடுத்து வாங்குற மென்பொருள் எதுவும் இதுக்குத் தேவையில்லை.

முதல் வேலை, லேயரை ஒரு நகல் எடுத்துக்கிறது. எல்லா மாத்தமும் மேல இருக்குற நகல்ல மட்டும். அசல் அப்படியே கீழ இருக்கணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அப்புறம் Heal டூல். Ctrl-ஐ அழுத்திக்கிட்டு நல்ல தோல் இருக்குற இடத்துல ஒரு கிளிக், பிறகு காயத்து மேல ஒரு கிளிக். சொல்ல சுலபம், சொதப்புறது அதை விட சுலபம். இந்த டூல் நல்ல தோலோட நயத்தை எடுத்துக்கிட்டு, நிறத்தை மட்டும் காயத்தைச் சுத்தி இருக்குற இடத்தோட சேர்த்துப் பாத்து ஒத்துப்போக வைக்குது. அதனால பிரஷ் சின்னதா இருந்து அதோட விளிம்பு சிவப்புக்குள்ளயே விழுந்துச்சுன்னா, சிவப்புதான் சரியான நிறம்னு அது நினைச்சுக்கும். பொறுக்கு போயிடும், சிவப்பு அப்படியே நிக்கும். அறை வாங்குன கன்னம் மாதிரி இருக்கும். எனக்கு முதல் தடவை அதான் ஆச்சு. பொறுக்கு, சுத்தி இருக்குற சிவப்பு ரெண்டையும் தாண்டி நல்ல தோல்ல விளிம்பு விழற அளவுக்குப் பிரஷ் பெருசா இருக்கணும். அதே காரணத்தாலதான் உதட்டோரம், கண்ணோரம், முடியோரம் இருக்குற காயத்துக்கு இது ஆகாது. உதட்டுச் சிவப்பு கன்னத்துல வழிஞ்சுடும். அங்கெல்லாம் Clone டூல்தான்.

தோலை எங்கேர்ந்து எடுக்கறோம்கறதும் முக்கியம். அதே கன்னத்துல, அதே வெளிச்சம் படுற இடத்துலேர்ந்து எடுக்கணும். நெத்தியில எண்ணெய் மினுமினுப்பு இருக்கும், அதைக் கொண்டாந்து கன்னத்துல ஒட்டினா ஈரமான திட்டு மாதிரி தெரியும். குழந்தைங்க கன்னத்துல பூனைமுடி வேற உண்டு, அதுவும் கூடவே வரணும், இல்லாட்டி ஒரு இடம் மட்டும் மொழுக்குனு இருக்கும்.

சொறி, வேர்க்குரு மாதிரி பரவலான சமாச்சாரத்துக்கு Heal சரிப்படாது. ஒவ்வொண்ணா அழிச்சா முகமே பிளாஸ்டிக் பொம்மை ஆயிடும். அந்த இடத்தை மட்டும் ஓரம் மங்கலா தேர்வு பண்ணி, Hue-Saturation-ல சிவப்பை மட்டும் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளி, அடர்த்தியைக் கொஞ்சம் குறைச்சா போதும். மேடுபள்ளம் இருக்கட்டும், யாருக்கும் தெரியாது. நம்ம மாநிறத் தோலே சிவப்பும் மஞ்சளும் கலந்ததுதான். அதனால தேர்வு பண்ணாம முழுப் படத்துக்கும் இதைப் பண்ணினா புள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்துடும். உதடு முதல்ல வெளுத்துச்சுன்னா எல்லை மீறிட்டீங்கன்னு அர்த்தம்.

கடைசியா, மேல் லேயரோட Opacity-ஐ 80 கிட்ட இறக்கி, பிரிண்ட் வர்ற அளவுல வெச்சுப் பாத்தேன். பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருந்தா கை சும்மா இருக்காது. காயம் எடுத்த கையோட பல் இடுக்கையும் சரிபண்ணத் தோணும்.

நிஜமாவே தோணுச்சு. முன்பல் ரெண்டு விழுந்த இடத்தைப் பாத்துக்கிட்டே ஒரு நிமிஷம் மவுஸைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நல்லவேளை, விட்டுட்டேன்.

அந்த சனிக்கிழமை ஊருக்குப் போனப்ப லேப்டாப்ல படத்தைக் காட்டினேன். அக்கா "சூப்பர்டா"ன்னா. பாப்பா ஒண்ணும் சொல்லாம கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் கையை எடுத்து தன் கன்னத்தைத் தடவிப் பாத்துக்கிட்டா. அங்க பொறுக்கு விழுந்து வெளுத்த தோல் இருந்துச்சு. "மாமா, காயம் எங்க?"ன்னா. எடுத்துட்டேன்னு சொன்னதும் "நான் சைக்கிள் ஓட்டுனதுல வந்தது அது"ன்னு அழ ஆரம்பிச்சிட்டா. வகுப்புல எல்லார்கிட்டயும் கதை சொல்லி, அந்தக் காயத்தைக் காட்டித்தான் போட்டோவுக்கே நின்னாளாம். எங்க யாருக்கும் அது தெரியாது, கேட்டாத்தானே தெரியும்.

அம்மா "பொம்பளப்புள்ள முகத்துல காயத்தோட போட்டோவா, நாளைக்குப் பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க"ன்னாங்க. அக்கா அம்மா பக்கம். நான் அசல் லேயர் பக்கம். ரெண்டு நாள் வீட்டுல சாப்பாடு மட்டும்தான் ஒழுங்கா நடந்துச்சு.

என் கட்சி இதுதான். ரெண்டு வாரத்துல தானா மறைஞ்சு போறதை எடுக்கலாம், தப்பில்லை. கொசுக்கடி, சிராய்ப்பு, வேர்க்குரு எல்லாம் அன்னைக்கு அங்க இருந்தது தற்செயல். ஆனா மச்சம், பிறவி அடையாளம், பழைய தழும்பு, வெண்புள்ளி இதையெல்லாம் யார் கேட்டாலும் தொடக் கூடாது. என்கூட வேலை பாக்குறவர் பையனுக்குத் தாடையில பிறவியிலேயே ஒரு காப்பி நிற அடையாளம். போட்டோ எடுத்த இடத்துல யாரும் கேக்காமலே அழிச்சுக் குடுத்துட்டாங்க. பையன் படத்தைப் பாத்துட்டு அப்பாகிட்ட கேட்டது, "இது இல்லாம இருந்தாத்தான் நல்லா இருக்காப்பா?" அவர் அதை என்கிட்ட சொன்னப்ப காபி மெஷின் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்.

நடுவுல மாட்டிக்கிறது தேமல் மாதிரி கேசு. கன்னத்துல வெளுப்பா திட்டுத்திட்டா மாசக்கணக்குல இருக்கும், அப்புறம் தானா மறைஞ்சுடும். காயம் ஆறினப்புறம் வர்ற கருப்புத் தடமும் நம்ம நிறத்துக்கு மாசக்கணக்குல நிக்கும். விட்டு விட்டு வர்ற கரப்பான் இன்னொண்ணு. இங்கெல்லாம் ரெண்டு வாரக் கணக்கு உதவாது. புள்ளையைத்தான் கேக்கணும், அதுவும் நாலு பேர் முன்னாடி இல்லாம தனியா. "இதை எடுக்கட்டுமா"ன்னு கேட்டா நாமளே பதிலைச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். "போட்டோ எப்படி இருக்கு"ன்னு மட்டும் கேட்டுட்டு காத்திருக்கணும். யாரோ தள்ளிவிட்டு விழுந்த காயமா இருந்தா, அதை வருஷா வருஷம் பாக்க அந்தப் புள்ளைக்குப் பிடிக்காம இருக்கலாம். அப்ப எடுத்துடுறதுதான் நியாயம், அப்பா அம்மாவுக்கு "இயற்கையா இருக்கட்டும்"னு தோணினாலும்.

அக்கா இன்னும் முழுசா ஒத்துக்கலை. "ஆறு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும், பெரியவளானப்புறம் ஏன் எடுக்கலைன்னு என்னையத்தான் கேப்பா"ங்குறா. அதுலயும் விஷயம் இருக்கு. லேயரை நகல் எடுத்து வெச்சது அதுக்குத்தான், மேல் லேயரை மறைச்சா அசல், காட்டினா திருத்தினது. பத்து வருஷம் கழிச்சு அவளே முடிவு பண்ணிக்கட்டும்.

இப்போதைக்கு ரெண்டு பிரிண்ட் போட்டாச்சு. அம்மாவோட ஷோகேஸ்ல இருக்கறது காயம் இல்லாதது. காயம் இருக்கறதை பாப்பா தன் பென்சில் டப்பா மூடியில உள்பக்கமா ஒட்டி வெச்சிருக்கா.

டிஸ்கி: பாஸ்போர்ட் போட்டோல இந்த வேலையெல்லாம் காட்டாதீங்க, திருத்தின படம் அங்க செல்லாது. காயம் ஆறுற வரைக்கும் பொறுத்து எடுங்க. சொறியை டாக்டருக்குக் காட்ட எடுத்த படத்துலயும் கைவைக்காதீங்க, போன் கேமரால அழகு பில்டர் ஆன்ல இருக்கான்னு முதல்ல பாத்துக்கோங்க.