பதவி உயர்வு ஆணையின் கடைசி வரி

மத்திய அரசு அலுவலகங்களில் பதவி உயர்வு ஆணை வந்ததும் பலரும் பார்ப்பது புதிய பதவியின் பெயரையும் சம்பளத்தையும்தான். ஒரு மாதத்துக்குள் விருப்பம் தெரிவிக்கலாம் என்ற வரி கண்ணில் படுவதில்லை. பணம் அங்கேதான் இருக்கிறது.

ஏழாவது ஊதியக் குழு அட்டவணைப்படி நான்காம் நிலையில் 28,700 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும், ஜூலையில் இன்கிரிமென்ட் பெறும் ஒருவர் மார்ச்சில் ஐந்தாம் நிலைக்கு உயர்கிறார் என்று கொள்வோம். உடனே நிர்ணயித்தால் ஒரு இன்கிரிமென்ட் கூட்டி 29,600. புதிய நிலையில் அதற்கு அடுத்த கட்டம் 30,100. ஜூலை வரை காத்திருப்பதாக எழுதிக் கொடுத்தால் அதுவரை 29,200தான். ஆனால் ஜூலை 1 அன்று ஆண்டு இன்கிரிமென்ட்டும் பதவி உயர்வு இன்கிரிமென்ட்டும் சேர்ந்து 31,000 ஆகிவிடும்.

நான்கு மாதம் 900 ரூபாய் குறையும். பிறகு மாதாமாதம் 900 கூடும். இருபது ஆண்டு உழைத்தவருக்கு இந்தக் கணக்கைத் தேடவைப்பது நியாயமில்லை. கடைநிலை எழுத்தர்களுக்குக்கூடப் புரியும்படி, இரண்டு கணக்கையும் ஆணையுடனேயே நிர்வாகப் பிரிவு இணைத்துத் தர வேண்டும்.