போகிறவனைத் தடுக்கும் ‘துண்டுச் சீட்டு’!

“வேலையை விட்டுப் போகிறேன்” என்கிறான் தொழிலாளி. “நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆகவே நீ போகவில்லை” என்கிறது நிர்வாகம். காலம் 2026-ஐ எட்டிவிட்டது. ஆயினும் இந்த விசித்திர வாதம் கடலூர் சிப்காட் வளாகத்தை ஒட்டிய செம்மங்குப்பத்திலும் குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் வாழும் பாட்டாளித் தோழர்களின் காதுகளில் இன்னமும் விழுகிறது. ராஜினாமாக் கடிதம் மேலாளரின் மேசை இழுப்பறையில் உறங்கும். முப்பது நாள் போகும். அறுபது நாள் போகும். “முதலாளி ஊரில் இல்லை”, “மாற்று ஆள் கிடைக்கவில்லை”, “ஆர்டர் முடியட்டும்” என்று சாக்குகள் மட்டும் நாள் தவறாமல் வரும்.

வேலை கொடுக்கும்போது இரண்டு தரப்பின் ஒப்புதலும் வேண்டும். சரி. வேலையை விட்டுப் போவதற்கும் முதலாளியின் ஒப்புதல் வேண்டுமென்றால், அதற்குப் பெயர் வேலையா, அடிமைத்தனமா என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்வி தமிழனுக்குப் புதிதன்று. கடல் கடந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை ஒரு காகிதம் கட்டிப்போட்டிருந்தது. அதன் பெயரே ‘துண்டு’. “இவன் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுவிப்போம்” என்று தோட்டத்துத் துரை எழுதித் தரும் சீட்டு அது. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. கடனோ தீராது, துண்டோ கிடைக்காது. 1921-இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். தாய்நாட்டிலும் கதை வேறல்ல. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்பலாம் என்ற 1859-ஆம் ஆண்டுச் சட்டம், 1925-இல் ரத்துச் சட்டம் வரும்வரை உயிரோடிருந்தது. துண்டு ஒழிந்தது, சிறையும் ஒழிந்தது. ‘ரிலீவிங் ஆர்டர்’ என்ற பெயரில் இன்று துண்டு மறுபிறவி எடுக்கப் பார்க்கிறது. அதைத்தான் நாம் எடுத்துக்காட்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? ஏர் இந்தியா வழக்கையே பார்ப்போம். அந்த நிறுவனத்தின் தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் ராஜினாமா கொடுத்தார். முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று நிலையாணையில் இருந்தது. நிறுவனமோ ராஜினாமாவை ஏற்க மறுத்தது. ஏற்கப்படவில்லை என்பதைக் காட்டி, அவருக்குச் சேரவேண்டிய பாக்கிகளையும் மறுத்தது. உயர்நீதிமன்றம் அவருக்குத் துணை நிற்கவில்லை. அவர் விடவில்லை, உச்சநீதிமன்றம் போனார். 2018-இல் தீர்ப்பு வந்தது. விலகுவது ஊழியரின் உரிமை. விருப்பமில்லாதவரை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது. பணி விதியிலோ நியமன ஆணையிலோ தடை எழுதியிருந்தால் அன்றி, அல்லது ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து தப்புவதற்காக விலகினால் அன்றி, நிறுவனம் குறுக்கே நிற்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அண்டைக் கேரளத்தில் ட்ராக்கோ கேபிள் என்ற அரசு நிறுவனம், பண நெருக்கடியைக் காட்டித் தன் அதிகாரி ஒருவரின் விலகலை ஏற்க மறுத்தது. விருப்பமில்லாதவரை இப்படிப் பிடித்துவைப்பது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கொத்தடிமைத்தனத்துக்கு ஒப்பாகும் என்று 2025-இல் அந்த மாநில உயர்நீதிமன்றம் கூறியது. மேலும், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டப்படி, ஒரு மனிதன் தன் உடலாலும் திறமையாலும் செய்யும் சேவையை, ஒப்பந்தம் இருக்கிறதே என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தி வாங்கித் தராது. நட்டம் ஏற்பட்டிருந்தால் பணமாகக் கேட்கலாம். ஆளைக் கேட்க முடியாது!

ஆனால் தோழர்களே, உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதைப் பயன்படுத்தத் தெரியவேண்டும். ஒரு தோழரை எண்ணிப் பார்ப்போம். செம்மங்குப்பத்துக்காரர், ரசாயன ஆலையில் ஏழு ஆண்டு ஆபரேட்டர், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய், நியமன ஆணையில் முப்பது நாள் நோட்டீஸ். அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. என்ன செய்யவேண்டும்?

முதல் தவறு கடிதத்தின் வாசகத்திலேயே நடக்கும். பணிவு காரணமாக, “என் ராஜினாமாவை ஏற்று விடுவிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்” என்று எழுதிவிடுவார். அது அறிவிப்பு அல்ல, விண்ணப்பம். விண்ணப்பத்தை மறுக்க இடமுண்டு. அவர் எழுதவேண்டியது இதுதான்: “நியமன ஆணைப்படி முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பணியிலிருந்து விலகுகிறேன். மார்ச் 31 என் கடைசி வேலை நாள்.” மார்ச் 1-இல் கடிதம் சேர்ந்தால், மறுநாளிலிருந்து எண்ணி மார்ச் 31 முப்பதாம் நாள். தேதி இல்லாத ராஜினாமா, நிர்வாகம் விரும்பும் இடத்துக்கு நகர்த்தும் சதுரங்கக் காய்.

அடுத்தது, கடிதம் சேர்ந்ததற்குச் சான்று. மேலாளர் நகலில் கையெழுத்துப் போட மறுத்தால் மனம் உடைய வேண்டாம். நிறுவனத்தின் முகவரிக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்துவைக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. மின்னஞ்சலிலும் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டு மறுநாள் ஆலைக்கு வராமல் நிற்பதுதான் தீது. “சொல்லாமல் ஓடிப்போனான்” என்று எழுத நிர்வாகத்துக்கு அதுவே போதும்.

மூன்றாவது, அந்த முப்பது நாளும் ஒழுங்காக வேலைக்குப் போகவேண்டும். கடைசி நாளில் அடையாள அட்டை, கருவிகள், சாவிகளை ஒப்படைத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்கவேண்டும். வாங்க மறுத்தால், “இன்று இன்னின்ன பொருள்களை ஒப்படைக்க வந்தேன், வாங்கவில்லை, எப்போது வாங்குவீர்கள்?” என்று அன்றே எழுதி அனுப்பவேண்டும்.

நான்காவது, ஏப்ரல் 1-ஆம் தேதி. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். “இன்னும் பத்து நாள் பார்த்துக்கொடு தம்பி” என்பார் சூபர்வைசர். தம்பியும் எதையும் எழுதாமல் வேலைக்குப் போவார். பிற்பாடு, “ராஜினாமாவைக் கைவிட்டுத்தானே தொடர்ந்து வேலை செய்தார்!” என்று அதையே திருப்பிச் சொல்வார்கள். உதவ விரும்பினால் உதவலாம். ஆனால், “நிர்வாகம் கேட்டதால் ஏப்ரல் 10 வரை மட்டும் தொடர்கிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு உதவவேண்டும்.

இனி, பணம். 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தில், நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கினால்தான் இரண்டாம் வேலை நாளுக்குள் சம்பளம் என்று இருந்தது. தானாக விலகியவனுக்கு அந்த வேகம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரையும் சேர்த்துக்கொண்டது: இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தரவேண்டும். “கணக்கு முடிக்க நாற்பத்தைந்து நாள் ஆகும்” என்பது சம்பளத்துக்குப் பொருந்தாது.

ஐந்தாண்டுக்கு மேல் பணி செய்த நம் தோழருக்குப் பணிக்கொடையும் உண்டு. தானாக விலகினாலும் உண்டு. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 600 ரூபாய். ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்றால் 9,000. ஏழாண்டுக்கு 63,000 ரூபாய். முப்பது நாளுக்குள் தராவிட்டால் வட்டியும் சேர்த்துத் தரவேண்டும். எழுத்தில் கேட்டும் தராவிட்டால், கடலூரிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். தபால் சான்றும் கடித நகலும் அங்கேதான் பேசும்.

வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியைப் பதிய மறுத்து மிரட்டுவது இன்னொரு தந்திரம். அந்தப் பூட்டுக்கும் சாவி தொழிலாளியின் கையிலேயே இருக்கிறது. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தபின், வைப்பு நிதி உறுப்பினர் இணையதளத்தில் Manage என்பதில் Mark Exit என்பதைத் தேர்ந்து, ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் எண்ணைக் கொடுத்துத் தேதியைத் தானே பதியலாம்.

எல்லைகளையும் மறைக்காமல் சொல்வது நம் கடமை. அரசு ஊழியர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அவர்களின் பணி விதிகள் பெரும்பாலும் ஏற்பாணையைக் கட்டாயமாக்குகின்றன. விசாரணை நிலுவையில் இருப்பவர் ராஜினாமாவைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. நோட்டீஸில் இருபது நாள் மட்டும் பார்த்துவிட்டுப் போனால், மீதிப் பத்து நாள் சம்பளத்தை ஒப்பந்தப்படி நிர்வாகம் கேட்கலாம். பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்: மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் காரணத்தைக் கவனியுங்கள்: அந்த நிபந்தனை விலகலைத் தடுக்கவில்லை, பணம் மட்டுமே கேட்டது என்பதும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆகவே பத்திரம் இருந்தாலும் தகராறு ரூபாயைப் பற்றியதே. ஆளைக் கட்டிப்போடும் உரிமை அதிலும் இல்லை.

ரிலீவிங் ஆர்டர் கேட்க வேண்டாமா? கேட்கவேண்டும், எழுதிக் கேட்கவேண்டும். அது வராவிட்டால், ராஜினாமா நகல், தபால் சான்று, ஒப்படைப்புப் பட்டியல், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகிய நான்கையும் புதிய இடத்தில் காட்டி நிலைமையைச் சொல்லலாம். சில நிறுவனங்கள் அதோடு திருப்தி அடையும். சில பிடிவாதம் பிடிக்கும். அதனால், புதிய வேலைக்குச் சேரும் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அவர்களிடம் எதைக் கேட்பார்கள் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

தோட்டத்துத் துண்டைத் துரைதான் எழுதினான். இந்தக் காலத்துச் சீட்டைத் தொழிலாளி தன் கையாலேயே எழுதலாம். தேதி போட்டு எழுதட்டும், நகல் வைத்துக்கொண்டு எழுதட்டும்!