"கவனக்குறைவு" என்ற ஒற்றைச் சொல்

ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதும் இடத்தில் இருக்கும் உறவுகளுக்காக இந்தப் பதிவு. டாக்டர், தலைமை ஆசிரியர், மேனேஜர் யாராக இருந்தாலும் படியுங்கள்.

அறந்தாங்கி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இருந்தபோது ஒரு கிராம சுகாதார செவிலியருக்கு எழுதிய வரி இது:

"கர்ப்பிணிகளைப் பின்தொடர்வதில் கவனக்குறைவு."

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். படிச்சுட்டு, "எந்த கர்ப்பிணி சார்?"னு கேட்டாங்க. எனக்கு டக்குனு பதில் வரலை.

பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தோம். அந்த ஆறு மாசத்தில் பிரஷருக்கு மாத்திரை ஆரம்பிச்ச கர்ப்பிணிகள் 9 பேர். வாரம் ஒருமுறை பிரஷர் பார்க்கணும். 3 பேருக்குத் தவறாமல் பார்த்திருக்காங்க. 6 பேருக்கு இடையில் வாரங்கள் விட்டுப்போயிருக்கு. அந்த 6 பேர் வீடும் டவுன் பஸ் ரெண்டு வேளை மட்டும் வர்ற ஊர்கள். துணை சுகாதார நிலையத்தில் இருந்த ஒரே பிரஷர் கருவியைத் தூக்கிட்டுப் போனா அங்க வர்றவங்களுக்குப் பார்க்க முடியாது. இன்னொண்ணு கேட்டு அவங்க எழுதிக் கொடுத்த கடிதம் என் மேஜையில்தான் கிடந்தது 🙏

அதே ஊர்களில் ஒரு குழந்தைக்குக்கூட தடுப்பூசி விட்டுப்போகலை. அப்போ கவனக்குறைவு எங்கே இருக்கு?

அதுக்காக "இன்னும் சிறப்பாகச் செயல்படலாம்"னு மழுப்பி எழுதுறதும் தப்பு. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறினா வலிப்பு வரைக்கும் போகும். ஆறு பேர் விட்டுப்போனது சின்ன விஷயம் இல்லை.

கடைசியில் எழுதினது இது:

"பிரஷர் மாத்திரை எடுக்கும் 9 கர்ப்பிணிகளில் 6 பேருக்கு வாராந்திரப் பரிசோதனை தொடர்ச்சியாக நடக்கவில்லை. ஆறு பேரும் தொலைவான ஊர்களில் உள்ளவர்கள். அதே ஊர்களில் தடுப்பூசிப் பணியை முழுமையாகச் செய்துள்ளார். தனி பிரஷர் கருவி வழங்கப்பட்டது. இனி சனிக்கிழமைதோறும் விடுபட்டோர் பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டும்."

குறை அப்படியே இருக்கு, எண்ணோட. ஆனா முதல் வரி ஆளோட குணத்தைப் பேசுச்சு, இது வேலையைப் பேசுது. திங்கட்கிழமை காலையில் என்ன செய்யணும்னு இதில் தெரியும். "செய்துள்ளார், ஆனால்"னு பாராட்டை முன்னாடி வைக்கலை பாருங்க. அப்படி வெச்சா "ஆனால்" வந்ததுமே முன்னாடி படிச்சது மறந்துடும். அவரால முடியும்ங்கிறதுக்கு ஆதாரமா அதைக் குறைக்குப் பின்னாடி வெச்சேன்.

ரகசிய அறிக்கையை எதுக்குக் காட்டணும்னு கேட்பீங்க. 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் பற்றிய ஒவ்வொரு பதிவையும் அவருக்குத் தெரிவிக்கணும்னு சொல்லிடுச்சு. அவருக்கு எழுதியிருந்தது "நன்று" என்றுதான். பதவி உயர்வுக்கு "மிக நன்று" தேவைப்பட்டது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை.

ஒண்ணு மட்டும். போகாமலே போனதா பதிவேட்டில் எழுதியிருந்தா இந்த மாதிரி வரியெல்லாம் கிடையாது. அது பலவீனம் இல்லை, பொய்க்கணக்கு. அதுக்கு விளக்கம் கேட்டு மெமோதான்.

அடுத்த சனிக்கிழமை அவங்க கொண்டுவந்த பட்டியலில் ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொருத்தருக்கு அன்னைக்கே போன் போட்டோம்.